உடை மாறும்போது முகமும் மாறுகிறதா? ஒற்றுமை மதிப்பெண்ணால் அளந்து பார்க்கும் வழி

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் குல்லா விற்கும் சின்னக் கடைகளுக்குப் பொருள் படங்கள் செய்து தருவது என் வேலை. ஐப்பசி மழையில் குன்னூரில் நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால் சீசனே போய்விடும். அதனால் ஒரு பெண்ணை ஒரே நாள் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு, மற்ற உடைகளை ஏஐ எடிட்டிங்கில் மாற்றிக்கொள்வது இப்போது பழகிவிட்டது. உடை நன்றாகவே மாறுகிறது. சிக்கல் முகத்தில்தான். பத்தாவது உடைக்கு வரும்போது தாடை கொஞ்சம் குறுகியிருக்கும், கண் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் தெரியாது. வரிசையாக வைத்தால் அக்காள் தங்கைகள் நிற்பதுபோல இருக்கும்.

இதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் கண் சீக்கிரம் பழகிவிடும். முகத்தை எண்ணாக மாற்றி ஒப்பிடுவது நல்ல துணை. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் பயன்படுத்தினால் அது நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகும். ஓரளவு பைத்தான் கட்டளை ஓட்டத் தெரிந்த, ஆனால் முகம் ஒப்பிடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதிப்பெண் என்றால் என்ன

முக அடையாள மாடல் ஒரு முகத்தை வாங்கிக்கொண்டு எண்களின் வரிசை ஒன்றைத் தரும். இதை எம்பெடிங் என்கிறார்கள். ஒரே ஆளின் இரண்டு படங்களுக்கு வரும் வரிசைகள் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கவேண்டும், வேறு ஆளுடையது விலகிப் போகவேண்டும் என்றுதான் அந்த மாடலைப் பழக்கியிருப்பார்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள கோணத்தின் கொசைன்தான் ஒற்றுமை மதிப்பெண். 1 என்றால் அச்சு அசல் ஒன்று. 0 பக்கம் வந்தால் சம்பந்தமில்லாத இரண்டு பேர். கணக்குப்படி −1 வரை போகலாம், ஆனால் முகங்களில் அவ்வளவு கீழே போவதில்லை.

இது சதவீதம் இல்லை. 0.80 என்றால் "80% அவள்தான்" என்று அர்த்தமாகாது. ஒரு மாடலில் வரும் 0.60ஐயும் இன்னொரு மாடலில் வரும் 0.60ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசவும் முடியாது. வேறு யாரோ எழுதிய எண்ணை எடுத்து நம் படங்களுக்குப் பொருத்தினால் வரும் குழப்பம் பாதி இதனால்தான்.

எந்த மாடலை எடுப்பது

இந்தத் துறையில் அதிகம் அடிபடும் பெயர் ஆர்க்ஃபேஸ். இன்சைட்ஃபேஸ் என்ற தொகுப்பில் உள்ள `buffalo_l` அந்த வழியில் வந்தது, 512 எண்கள் தரும், நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தத் தொகுப்பின் நிரல் தாராள உரிமத்தில் இருந்தாலும், பழக்கி வைத்திருக்கும் மாடல் கோப்புகள் வணிகம் சாராத ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கடைக்காகக் காசு வாங்கிச் செய்யும் வேலை அதில் அடங்காது. அதனால் நான் சொல்வது, படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்போடு போகும் இரண்டு கோப்புகள்: முகத்தைக் கண்டுபிடிக்க யூநெட், எம்பெடிங் எடுக்க எஸ்ஃபேஸ். எஸ்ஃபேஸ் 128 எண்கள் தரும். சாதாரண லேப்டாப்பில், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், இணையம் இல்லாமல் ஓடும். மாடலாக நின்ற பெண்ணின் முகப் படத்தை அளப்பதற்காக வேறு யாருடைய சர்வருக்கும் அனுப்பவேண்டியதில்லை என்பதும் எனக்கு முக்கியம்.

இன்னொரு காரணமும் உண்டு. முகத்தைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லும் சில எடிட்டிங் வழிகள், ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடி, இன்ஸ்டன்ட்ஐடி போன்றவை, இன்சைட்ஃபேஸின் எம்பெடிங்கையே உள்ளே வாங்கிக்கொண்டு படம் வரைகின்றன. அப்படி வரைந்ததை அதே குடும்பத்து மாடலாலேயே அளந்தால் மதிப்பெண் தாராளமாக வரும். கேள்வித்தாள் எழுதியவரே விடை எழுதினால் மார்க் குறையுமா? வரைந்த கை ஒன்று, அளக்கும் கை வேறாக இருக்கட்டும்.

நிறுவ `pip install opencv-python` போதும், 4.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். மாடல் கோப்புகள் ஓப்பன்சிவி ஜூ என்ற களஞ்சியத்தில் கிடைக்கும். அங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பெரிய கோப்புகளுக்குப் பதிலாகச் சில சமயம் சில வரிகள் மட்டும் கொண்ட ஒரு சுட்டிக் கோப்பு இறங்கிவிடும். பெயர் சரியாக இருக்கும், திறந்தால் பிழை வரும். எஸ்ஃபேஸ் கோப்பு 30 எம்பிக்கு மேல் இருக்கவேண்டும், யூநெட் 200 கேபிக்கு மேல். அளவைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

```python
import cv2, numpy as np

det = cv2.FaceDetectorYN.create(
    "face_detection_yunet_2023mar.onnx", "", (320, 320), 0.8)
rec = cv2.FaceRecognizerSF.create(
    "face_recognition_sface_2021dec.onnx", "")

def face(path, side=1000):
    img = cv2.imread(path)
    k = side / max(img.shape[:2])
    if k < 1:
        img = cv2.resize(img, None, fx=k, fy=k,
                         interpolation=cv2.INTER_AREA)
    det.setInputSize((img.shape[1], img.shape[0]))
    _, found = det.detect(img)
    if found is None:
        return None
    f = max(found, key=lambda r: r[2] * r[3])
    crop = rec.alignCrop(img, f)
    return rec.feature(crop).copy(), crop, f[2]

def score(a, b):
    return rec.match(a[0], b[0], cv2.FaceRecognizerSF_FR_COSINE)
```

படத்தை 1000 பிக்சலுக்குச் சுருக்குவதற்குக் காரணம் இருக்கிறது. யூநெட் சுமார் 10 முதல் 300 பிக்சல் அகலமுள்ள முகங்களுக்காகப் பழக்கப்பட்டது. கேமராவிலிருந்து வரும் பெரிய படத்தை அப்படியே கொடுத்தால் முகம் 900 பிக்சல் இருக்கும், கண்ணும் மூக்கும் இருக்கும் புள்ளிகளைத் தப்பாகக் குறிக்கும், அல்லது முகமே இல்லை என்று சொல்லிவிடும். நெருக்கமாக எடுத்த படம் என்றால் `side` மதிப்பை இன்னும் குறையுங்கள். விண்டோஸில் வேலை செய்தால் கோப்புப் பெயரிலும் ஃபோல்டர் பெயரிலும் தமிழ் எழுத்து வேண்டாம், `imread` படத்தைத் திறக்காமல் வெறுமையைத் திருப்பித் தரும்.

`alignCrop` செய்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் ஆகிய ஐந்து புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி 112க்கு 112 பிக்சல் கட்டமாக வெட்டுகிறது. மதிப்பெண் முழுக்க இந்தச் சின்னக் கட்டத்திலிருந்துதான் வருகிறது. முதல் முறை ஓட்டும்போது எல்லாக் கட்டங்களையும் `cv2.imwrite` கொண்டு சேமித்து ஒரு பார்வை பாருங்கள். பின்னணியில் இருக்கும் போஸ்டர் முகத்தை வெட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் எடிட் செய்யாத படங்களை அளக்கவேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன்சிவி ஆவணத்தில் எஸ்ஃபேஸுக்கு 0.363 என்று ஒரு கொசைன் எல்லை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் ஒரே ஆள், கீழே இருந்தால் வேறு ஆள். புதிதாக வருகிறவர் இதைப் பிடித்துக்கொண்டு, எல்லா எடிட்டும் 0.5க்கு மேல் இருக்கிறது, எல்லாம் பாஸ் என்று எழுதிவிடுவார். அந்த எல்லை வைக்கப்பட்டது வேறு வேலைக்கு. வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே ஆளா என்று கேட்கும் வேலை அது. நம்முடையதில் படமே ஒன்று. கோணம் அதே, சிரிப்பு அதே, வெளிச்சம் அதே. மாறவேண்டியது கழுத்துக்குக் கீழே மட்டும். அப்படியிருக்க, பல வருட இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை நமக்கு ரொம்பவே தளர்வானது. கூடப் பிறந்தவர்களின் முகங்களே அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

புதுத் தராசு வாங்கினால் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பதுபோல, பதில் தெரிந்த படங்களை முதலில் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும். மூன்று விதமான படங்கள் போதும்.

ஒன்று, அதே பெண்ணை அதே நாளில் எடுத்த வேறு படங்கள். எட்டு பத்து படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். இதில் வரும் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிஜமான முகம் இயல்பாக எவ்வளவு ஆடுகிறது என்பதை அது சொல்லும். நான் இதைக் கீழ்க்கோடு என்று வைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே இருக்கும் படத்தில் உடையை மட்டும் மாற்றிய எடிட், அந்தப் பெண் தலையைக் கொஞ்சம் திருப்பி நின்ற இன்னொரு படத்தைவிட அசலிலிருந்து விலகிப் போயிருந்தால், முகத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட அது போதும்.

இரண்டு, சும்மா ஓட்டிய எடிட். அதே கருவியில் அதே படத்தைக் கொடுத்து, எதையும் மாற்றவேண்டாம் என்றோ, மார்பில் ஒரு சின்னப் பொத்தானின் நிறத்தை மட்டும் மாற்று என்றோ கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் படத்தை உள்ளே சுருக்கி, மறுபடி விரித்துத்தான் தருகின்றன. அந்தப் போக்குவரத்திலேயே முகம் கொஞ்சம் தேயும். இதில் வரும் எண்தான் மேல்கோடு. அந்தக் கருவியிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

மூன்று, வேறு ஆட்கள். முடிந்தால் அந்தப் பெண்ணின் அக்காளோ தங்கையோ, அல்லது அதே வயதுடைய, அதே சாயலுள்ள ஒருவர். அவரிடமும் சம்மதம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். கீழ்க்கோட்டுக்கும் இந்த எண்ணுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால் அளவுகோல் நம் வேலைக்கு ஆகும். இடைவெளி மெலிதாக இருந்தால் படத்தில் முகம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அல்லது படம் மங்கல் என்று பெரும்பாலும் அர்த்தம்.

பதில் தெரிந்த இந்தப் படங்களைக் கட்டுப்பாட்டுப் படங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒரே மாதிரி வெளிச்சத்தில் எடுங்கள். மலையில் காலையில் வெயில் அடித்து, அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கி எல்லாம் நீலம் பாய்ந்துவிடும். இரண்டையும் கலந்தால் கீழ்க்கோடு தேவையில்லாமல் இறங்கி, கெட்ட எடிட்டுகளும் உள்ளே வந்துவிடும்.

ஒரு கடையின் வேலையை எடுத்துக்கொள்வோம்

கீழே வரும் எண்கள் எப்படிப் படிப்பது என்று காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் படங்களில் வேறு எண்கள் வரும்.

ஒரு ஸ்வெட்டர் கடைக்கு ஐந்து உடைகள்: மெரூன் கார்டிகன், சாம்பல் நிற புல்லோவர், தோள்மேல் போட்ட சால்வை, தொப்பி வைத்த மழைக்கோட்டு, கம்பளிக் குல்லாவோடு ஒரு ஸ்வெட்டர். எடிட்டிங் கருவி ஒவ்வொரு முறையும் வேறு படம் தரும் என்பதால் ஒவ்வொரு உடைக்கும் நான்கு முறை ஓட்டினோம், மொத்தம் இருபது படங்கள். கட்டுப்பாட்டுப் படங்களில் கீழ்க்கோடு 0.78, மேல்கோடு 0.95, தங்கையோடு ஒப்பிட்டால் 0.46.

கார்டிகனுக்கு 0.90, 0.88, 0.91, 0.87. நான்கும் கீழ்க்கோட்டுக்கு நன்றாக மேலே. சால்வையும் இதேபோல. இவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு நகரலாம்.

மழைக்கோட்டுக்கு 0.84, 0.52, 0.82, 0.81. இங்கேதான் சராசரி ஏமாற்றும். நான்கின் சராசரி ஏறக்குறைய 0.75. அதை மட்டும் பார்த்தால் மழைக்கோட்டு மொத்தமாகக் கொஞ்சம் சுமார் என்று தோன்றும். நிஜத்தில் மூன்று நன்றாக இருக்கின்றன, ஒன்றில் வேறு பெண். இருபது படத்துக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த ஒன்று காணாமலே போய்விடும், ஆனால் வாடிக்கையாளர் பார்க்கப்போவது சராசரியை இல்லை, அந்தப் படத்தைத்தான். அதனால் ஒவ்வொரு உடைக்கும் மிகக் குறைந்த எண்ணையும், கீழ்க்கோட்டுக்குக் கீழே எத்தனை விழுந்தன என்பதையும் எழுதுங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போதும் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

குல்லாவுக்கு 0.71, 0.74, 0.69, 0.76. நான்குமே கோட்டுக்குக் கீழே. தூக்கிப் போடவேண்டியதுதானா? அவசரப்படவேண்டாம். குல்லா நெற்றியைப் பாதி மறைக்கிறது, முடி எல்லையை முழுவதும் மறைக்கிறது. 112 பிக்சல் கட்டத்தில் நெற்றிக்கும் இடம் உண்டு. ஆகவே முகம் துளியும் மாறாமலே மதிப்பெண் இறங்கும். இதற்கு ஒரே வழி, அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே ஒரு குல்லாவை மாட்டி நான்கைந்து படம் எடுத்து, குல்லா இல்லாத படங்களோடு ஒப்பிடுவது. அதில் 0.70 முதல் 0.77 வரை வருகிறது என்றால், குல்லா உடைகளுக்கான கீழ்க்கோடு 0.70. மூன்று தேறும், 0.69 வந்ததைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். முக்காடு, மஃப்ளர், கூலிங் கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முகத்தை மறைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கோடு வேண்டும், அதை நிஜப் படத்திலிருந்துதான் எடுக்கமுடியும். ஊட்டி குளிருக்கு விற்கும் சரக்கில் பாதி தலையிலும் கழுத்திலும் போடுவதுதான் என்பதால், படமெடுக்கும் நாளிலேயே ஒரு குல்லாவும் ஒரு மஃப்ளரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லோவருக்கு 0.88, 0.86, 0.89, 0.87. எண்ணில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இதுதான் இந்த வரிசையிலேயே மோசமான உடை.

எண் பார்க்காத நிறம்

இப்படி நல்ல மதிப்பெண் வாங்கிய படங்களை ஒரு கடைக்கார அக்காவிடம் காட்டினேன். நின்றது அவருடைய மகள். ஒரு படத்தைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மூக்கு முழி எல்லாம் அவதான். ஆனா எங்க பொண்ணு எப்போ இவ்வளவு வெளுப்பா இருந்தா?" மாநிறமான பெண்ணின் கன்னத்தைக் கருவி பால் நிறமாக்கியிருந்தது.

மாடல் இதைக் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அதன் பழக்கம். வெயிலில் எடுத்த படமும் டியூப்லைட்டில் எடுத்த படமும் ஒரே ஆள் என்று சொல்லவேண்டுமென்றே அதைப் பழக்கியிருக்கிறார்கள். அதாவது வெளிச்சமும் நிறமும் மாறினால் கண்டுகொள்ளாதே என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தோலை வெளுக்க வைப்பது அதன் கண்ணுக்கு இன்னொரு வெளிச்ச மாற்றம், அவ்வளவுதான். நம் ஊர் முகங்களோடு வேலை செய்கிறவர்கள் இதைச் சும்மா விடக்கூடாது. ஒரு பெண்ணின் நிறத்தை அவளைக் கேட்காமல் மாற்றி விற்பனைக்கு வைப்பது சின்ன விஷயம் இல்லை.

நிறத்தைத் தனியாக அளக்கவேண்டும். வெட்டிய கட்டத்தில் கண், மூக்கு, வாய் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும் என்பதால் கன்னம் இருக்கும் இடமும் நமக்குத் தெரியும்.

```python
def cheek(crop):
    lab = cv2.cvtColor(crop, cv2.COLOR_BGR2LAB)
    p = lab[68:82, 28:42].reshape(-1, 3)
    q = lab[68:82, 70:84].reshape(-1, 3)
    return np.median(np.vstack([p, q]), axis=0)
```

மூன்று எண்கள் வரும். முதலாவது வெளிச்ச அளவு, 0 முதல் 255 வரை. அடுத்த இரண்டும் சாயல், 128 என்பது நடு. சராசரிக்குப் பதில் நடுமதிப்பை எடுப்பது, ஒரு முடிக்கற்றையோ கம்மலின் பளபளப்போ கட்டத்துக்குள் விழுந்தாலும் எண் ஆடாமல் இருப்பதற்காக. முகம் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தால் ஒரு கட்டம் கன்னத்தைத் தாண்டிவிடும், அப்போது தெரிகிற கன்னத்தை மட்டும் எடுங்கள்.

புல்லோவர் படத்தில் கன்னத்தின் வெளிச்ச அளவு அசலில் 132, எடிட்டில் 151 என்று வைத்துக்கொள்வோம். இது தோலை வெளுத்ததா, படம் முழுவதுமே வெளிச்சமானதா? பின்னணியில் மாறவே கூடாத ஓர் இடத்தை, கடைச் சுவரையோ மர அலமாரியின் பக்கத்தையோ, இரண்டு படத்திலும் அதே முறையில் அளங்கள். சுவரும் 19 ஏறியிருந்தால் கருவி மொத்தப் படத்தையும் தூக்கியிருக்கிறது, எடிட்டருக்குள் சரிசெய்துவிடலாம். சுவர் அப்படியே இருந்து கன்னம் மட்டும் ஏறியிருந்தால் அது தோலை வெளுத்திருக்கிறது. அந்தப் படம் வேண்டாம். எவ்வளவு ஏற்றம் வரை பொறுக்கலாம் என்பதையும் கட்டுப்பாட்டுப் படங்களிலிருந்தே எடுங்கள். அதே பெண்ணின் நிஜப் படங்களுக்குள் கன்னம் எவ்வளவு ஆடுகிறதோ, அதுதான் பொறுக்கும் அளவு.

நிறத்தைப் போலவே இந்த எண் கோட்டைவிடும் இன்னும் சில உண்டு. கன்னத்து மச்சம், புருவத்துப் பக்கத்துத் தழும்பு, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது, பொட்டு இருக்கிறதா என்பது. 112 பிக்சலில் ஒரு மச்சம் ஒன்றிரண்டு புள்ளிதான். அது போனாலும் மதிப்பெண் அசையாது, வீட்டார் மட்டும் உடனே கண்டுபிடிப்பார்கள். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டு அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் பெரிதாக்கிப் பார்த்து டிக் அடிப்பதுதான்.

எதோடு ஒப்பிடுவது

எப்போதும் அசலோடு. முதல் எடிட்டின் மேல் இரண்டாவது எடிட், அதன் மேல் மூன்றாவது என்று சங்கிலியாகப் போகிறவர்கள் பலர் முந்தின படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அடுத்தடுத்த படங்களுக்குள் 0.92, 0.93, 0.91 என்று அழகாக வரும். அதே படங்களை அசலோடு வைத்தால் 0.92, 0.86, 0.79 என்று சரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். இந்தச் சரிவைப் பார்த்தாலே செய்யவேண்டியதும் புரிந்துவிடும்: ஒவ்வொரு உடையையும் அசல் படத்திலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

எடிட்டுக்கு எடுத்துக்கொண்ட மூலப்படத்தோடு மட்டுமல்லாமல், அதே நாளின் வேறு நாலைந்து படங்களோடும் ஒப்பிட்டுச் சராசரி எடுப்பது நல்லது. எடிட்டில் தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலோ சிரிப்பு மாறியிருந்தாலோ மூலப்படத்தோடு எண் இறங்கும். திரும்பின கோணத்தில் எடுத்த இன்னொரு படத்தோடு நன்றாகப் பொருந்தினால் முகம் அதே, கோணம்தான் மாறியது என்று பிரித்துச் சொல்லலாம். எந்தப் படத்தோடும் பொருந்தாவிட்டால் முகம்தான் மாறியிருக்கிறது.

மதிப்பெண் 0.99 என்று வந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். கருவி பழைய முகத்தைப் பிக்சல் மாறாமல் ஒட்டியிருக்கலாம், அது நமக்கு நல்லதே. ஆனால் கழுத்தில் தையல் தெரிகிறதா, கழுத்தின் நிறம் முகத்தோடு சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். காலர் நிழல் விழவேண்டிய தாடையில் நிழலே இல்லாமல் இருப்பது இந்த மாதிரிப் படங்களில் அடிக்கடி வரும். சில நேரம் கருவி உடையையே மாற்றாமல் பழைய படத்தைத் திருப்பித் தந்திருக்கும், அதற்கும் மதிப்பெண் அருமையாக இருக்கும்.

முழு உருவப் படங்கள்

தலை முதல் கால் வரை எடுத்த படத்தில், 1000 பிக்சலுக்குச் சுருக்கினால், முகம் 60, 70 பிக்சல்தான் வரும். அதை 112க்கு இழுத்து நீட்டும்போது இல்லாத விவரம் வந்துவிடாது. எண்கள் தாறுமாறாக ஆடும், நல்ல எடிட்டும் கெட்ட எடிட்டும் ஒரே பட்டியில் விழும். மேலே உள்ள நிரலில் `face` திருப்பித் தரும் மூன்றாவது எண் முகத்தின் அகலம். அது 112க்குக் கீழே இருந்தால் முதலில் `side` மதிப்பை 2000 போல ஏற்றிப் பாருங்கள். மூலப் படத்திலேயே முகம் சின்னது என்றால், அந்தப் படங்களை நெருக்கப் படங்களின் கோட்டோடு ஒப்பிடாதீர்கள், அதே தூரத்தில் எடுத்த எடிட் செய்யாத முழு உருவப் படங்களிலிருந்து தனிக் கோடு எடுங்கள். அப்படியும் இடைவெளி மெலிதாக இருந்தால் மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் கண்ணை நம்புவதே மேல்.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முழுப் படங்களை வைத்துப் பார்த்தால் ஸ்வெட்டரின் நிறம்தான் கண்ணை இழுக்கும். வெட்டிய முகக் கட்டங்களை மட்டும் எடுத்து, மூன்று மடங்கு பெரிதாக்கி, அசலை நடுவில் வைத்து, சுற்றிலும் எடிட்டுகளை எண் தெரியாமல் அடுக்குங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விழுந்தவற்றை இப்படி அடுக்கி, முகத்தை நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டி, "இதில் எது அவள் இல்லை?" என்று கேளுங்கள். அவர் காட்டும் படத்தின் எண் உயரமாக இருந்தால் நிறத்தையும் அடையாளங்களையும் மறுபடி பாருங்கள், எண் எதை விட்டுவிட்டது என்று அங்கே கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் வையுங்கள்: படத்தின் பெயர், உடை, கருவியின் பெயரும் பதிப்பும், மூலப்படத்தோடு மதிப்பெண், மற்ற படங்களோடு சராசரி, முகத்தின் அகலம், கன்னத்தின் ஏற்றம், சுவரின் ஏற்றம், பார்த்தவர் சொன்னது. கருவியின் பதிப்பு கட்டாயம் வேண்டும். இணையத்தில் ஓடும் கருவிகள் நம்மிடம் சொல்லாமலே மாறும். போன மாதம் 0.95 தந்த சும்மா எடிட் இந்த மாதம் 0.88 தந்தால், உடைகளைத் தொடும் முன்பே மேல்கோட்டைத் திருத்தி எழுதவேண்டும்.